‘புளி.’ என்று தொடங்கிய கட்டுரை: திருத்தும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறேன். கேழ்வரகு மாவு விற்பவர், மாங்கூழ் ஆலைக்குக் காய் கொடுப்பவர், புளி எடுத்து விற்பவர் என்று பலரும் தங்கள் பொருளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வருகிறார்கள். பொருள் வேறாக இருந்தாலும் எழுத்து ஒரே ராகத்தில் இருக்கிறது. வரிக்கு வரி ‘தெரியுமா?’ என்று கேட்கும், பத்திக்குப் பத்தி ஒற்றைச் சொல்லில் தொடங்கும். அவற்றை எடுக்கும்போது அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு கட்டுரையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அஞ்செட்டி பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதியது. அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

“அண்ணா, நான் பொய் எதுவும் எழுதலை. அப்புறம் ஏன் படிச்சவங்க எல்லாம் விளம்பரம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க?”

முதலில் அந்தத் தம்பி எழுதியதை அப்படியே தருகிறேன்.

> புளி.
>
> நம் சமையலறையின் உயிர். ஆனால் நாம் வாங்கும் புளி உண்மையிலேயே புளிதானா? யோசித்திருக்கிறீர்களா?
>
> கறுப்பு.
>
> கடைப் புளி ஏன் கறுப்பாக இருக்கிறது தெரியுமா? காரணம்? பழையது! மாதக்கணக்கில் காற்றுபட்டுக் கிடந்தது. விளைவு? நிறமே போய்விடுகிறது.
>
> உரிகம்.
>
> இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அஞ்செட்டி மலைப்பக்கம் விளையும் நீளமான புளி. அதில் சதை எவ்வளவு தெரியுமா? பாதிக்கும் மேல்!
>
> விலை? அதிகம்தான். ஆனால் தரத்துக்கு விலை பேசலாமா?
>
> இன்னும் ஏன் தாமதம்?

இவ்வளவு சின்ன எழுத்தில் கேள்விக்குறி மட்டும் 10. ஒற்றைச் சொல்லாக முற்றுப்புள்ளியோடு நிற்பவை 3. இதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்கே பதில் தெரியும் என்பது படிப்பவருக்கும் தெரியும். அடுத்த வரியில் பதில் வரப்போகிறது என்பதும் தெரியும். அப்படியிருக்க ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தால், பேருந்து நிலையத்தில் பேனாவும் சீப்பும் விற்கிறவர் சட்டைப் பைக்கு நேராகக் கையை நீட்டுகிற மாதிரி இருக்கும். பேனா நல்ல பேனாவாகவே இருக்கலாம். ஆனாலும் நாம் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வோம்.

பள்ளியில் ஆறு வகை வினா படித்திருப்போம். விடை தெரிந்தும், மாணவனுக்குத் தெரிகிறதா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. இந்தக் கட்டுரையின் கேள்விகளில் பெரும்பகுதி அந்த வகைதான். அதனால்தான் படிக்கிறவருக்குத் தன்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போன்ற எரிச்சல் வருகிறது. அது எதனால் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ‘விளம்பரம் மாதிரி இருக்கு’ என்று மட்டும் சொல்வார்.

“அப்போ கேள்வியே இருக்கக்கூடாதா? எல்லாத்தையும் அழிச்சிடவா?”

கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்வியின் மேலும் விரலை வைத்து மறைத்துவிட்டு, முன்வரியையும் பின்வரியையும் சேர்த்துப் படியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

சில கேள்விகளை மறைத்தால் ஒன்றுமே குறையாது. ‘யோசித்திருக்கிறீர்களா?’, ‘இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?’, ‘இன்னும் ஏன் தாமதம்?’ ஆகிய மூன்றும் இந்த ரகம். அடித்துவிடலாம்.

சிலவற்றை மறைத்தால் பின்வரி ஒட்டாமல் தொங்கும். ‘ஏன் தெரியுமா?’, ‘காரணம்?’, ‘விளைவு?’, ‘எவ்வளவு தெரியுமா?’, ‘விலை?’ எல்லாம் இப்படி. அந்தக் கேள்வி ஓர் இணைப்புச் சொல்லின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை அழித்தால் போதாது, இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

மிச்சமுள்ளவற்றை மறைத்தால், எழுதியவர் நேராகச் சொல்லத் தயங்கிய ஒரு குற்றச்சாட்டோ கெஞ்சலோ காணாமல் போகும். ‘உண்மையிலேயே புளிதானா?’, ‘தரத்துக்கு விலை பேசலாமா?’ இரண்டும் அப்படிப்பட்டவை. மூன்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியவை இவைதான். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

“‘ஏன் தெரியுமா?’வை எடுத்தா அடுத்த வரி அந்தரத்துல நிக்குது. என்ன பண்றது?”

நிற்கத்தான் செய்யும், ஏனென்றால் அந்த வரி தனி வாக்கியமாக நிற்பதற்கு உரியதே இல்லை. தமிழில் காரணம் வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்காரும். ‘மழை பெய்ததால் சந்தை கூடவில்லை’ என்பது நமக்கு இயல்பாக வரும் வரிசை. செய்தியை முதலில் போட்டு, நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு, காரணத்தைத் தனியாகக் கடைசியில் நிறுத்துவது நம் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பதற்குச் சமம். அதனால் தைக்கும் வேலை நமக்குச் சுலபம். நூல் ஏற்கெனவே மொழியில் இருக்கிறது.

தம்பியின் வரியையே எடுத்துக்கொள்வோம். ‘கடைப் புளி ஏன் கறுப்பாக இருக்கிறது தெரியுமா? காரணம்? பழையது! மாதக்கணக்கில் காற்றுபட்டுக் கிடந்தது.’ இதை நேராகச் சேர்த்தால் ‘மாதக்கணக்கில் காற்று படுவதால் கடைப் புளி கறுக்கிறது’ என்று வரும். நான்கு துண்டு ஒரே வாக்கியமாகிவிட்டது.

‘அண்ணா, அழுத்தம் போயிடுச்சே’ என்றார் தம்பி. அழுத்தம் வேண்டுமானால் அதற்கும் மொழிக்குள்ளேயே வழி இருக்கிறது. ‘கடைப் புளி கறுப்பது காற்று படுவதால்தான்’ என்று திருப்பிப் போடுங்கள். ‘கறுப்பது’ முன்னால் வந்து ‘-தான்’ கடைசியில் விழும்போது, கேள்வி செய்ய நினைத்த வேலையை அந்தச் சின்ன இடைச்சொல்லே செய்துவிடுகிறது.

இரண்டில் எதைப் போடுவது என்பதற்கு நான் ஒன்று பார்ப்பேன். புளி கறுப்பாக இருப்பது படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதியா என்று. தெரிந்ததானால் ‘கறுப்பது… -தான்’ பொருந்தும், புதிதான காரணம் கடைசியில் விழுந்து கண்ணில் படும். இரண்டுமே புதிதானால் சாதாரண வாக்கியம்தான் நல்லது. பத்து வாக்கியத்திலும் ‘-தான்’ போட்டு அடித்தால் அதுவும் ‘தெரியுமா?’ போலவே காதைக் குடையும். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

‘காரணம்?’, ‘விளைவு?’ இரண்டுக்கும் இதே வைத்தியம். ‘காற்றுபட்டுக் கிடந்தது. விளைவு? நிறமே போய்விடுகிறது’ என்பது ‘காற்றுபட்டு நிறம் மாறுகிறது’ என்று ஒரு வினையெச்சத்தில் முடிந்துவிடும். ‘பட்டு’ என்ற சொல்லே முன்பு நடந்ததையும் பின்பு நடந்ததையும் இணைத்துவிடுகிறது. இதற்கு நடுவே ‘விளைவு?’ என்று ஓர் அறிவிப்பாளர் தேவையில்லை.

“‘புளி.’னு ஒத்தைச் சொல்லுல ஆரம்பிச்சா ஒரு கெத்து இருக்குதுல்ல?”

எழுதுகிறவருக்கு இருக்கும். தலைப்பிலேயே புளி என்று போட்டாகிவிட்டது. முதல் வரியிலும் அதே சொல் ஒண்டியாக நின்றால், படிப்பவர் அதற்கு எந்தப் பொருளும் எடுக்காமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். கட்டுரையின் மிக விலை உயர்ந்த இடம் முதல் வரி. அங்கே தலைப்பையே திரும்ப எழுதுவது நட்டம்.

‘கறுப்பு.’, ‘உரிகம்.’ என்பவற்றில் கோளாறு வேறு. தமிழில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் வாலில் ஒட்டும் உருபுதான் சொல்லும். உரிகத்தில், உரிகத்துக்கு, உரிகத்திலிருந்து, உரிகத்து என்று ஏதோ ஒன்று ஒட்டினால்தான் அது ஊரா, பொருளா, எங்கிருந்து வந்ததா என்பது விளங்கும். மொட்டையாக ‘உரிகம்.’ என்று நிறுத்தினால், அஞ்செட்டிக்காரருக்கு ஊர் ஞாபகம் வரும், புளி வியாபாரிக்கு அந்த வகைக் காய் ஞாபகம் வரும், சென்னையில் இருப்பவருக்கு அது ஏதோ மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கும். உருபை ஒட்டி அடுத்த வாக்கியத்துக்குள் தள்ளிவிடுங்கள். ‘எங்கள் புளி உரிகத்து மரங்களில் எடுப்பது’ என்று எழுதியவுடன் பெயரும் நின்றது, வேலையும் நடந்தது.

குறுகிய வாக்கியம் எல்லாமே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘இது போன வருடத்துப் புளி.’ இதில் வினைச்சொல் இல்லை, ஆனாலும் முழு வாக்கியம். நம் மொழியில் பெயர்ச்சொல்லே பயனிலையாக வரும். சொல்ல வந்த விஷயம் முடிந்திருக்கிறதா என்பதே அளவுகோல். ‘கறுப்பு.’ என்பதில் எதுவும் முடியவில்லை, தாளம் மட்டும் தட்டியிருக்கிறது.

‘ஆம்.’, ‘உண்மை.’ என்று தொடங்குகிறவர்களும் உண்டு. அவை யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். முன்னால் இருக்கும் கேள்வியை எடுத்ததும் அவை தானாக விழுந்துவிடும்.

“கேள்வியா கேட்டா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னுதான் அப்படி எழுதினேன். அதுல என்ன தப்பு?”

தம்பியோடு நான் அதிக நேரம் பேசியது இந்த இடத்தில்தான். ‘நாம் வாங்கும் புளி உண்மையிலேயே புளிதானா?’ என்ற வரியை நேர் வாக்கியமாக மாற்றி எழுதிக் காட்டச் சொன்னேன். ‘கடைகளில் விற்கும் புளி போலி’ என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே பேனாவைக் கீழே வைத்தார். போலி என்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவர் மாமாவே மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

மறைமுகக் கேள்விக்கு நான் செய்யும் சோதனை இது ஒன்றுதான். கேள்விக்குறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். உங்கள் பெயரைக் கீழே போட மனம் வருகிறதா என்று கவனியுங்கள். மனம் வந்தால் வாக்கியமாகவே இருக்கட்டும், ஆதாரத்தையும் பக்கத்தில் வையுங்கள். வராவிட்டால் அது கேள்வியாகவும் இருக்கக்கூடாது. படிப்பவர் மனதில் சந்தேகத்தைத் தூவிவிட்டு, ‘நான் எதுவும் சொல்லவில்லையே, கேட்டேன் அவ்வளவுதான்’ என்று ஒதுங்குவது நியாயமில்லை.

‘பழையது!’ என்பதிலும் இதே சிக்கல் கொஞ்சம் ஒளிந்திருந்தது. புளி கறுப்பது நாள் ஆனதன் அடையாளம், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும். காற்றும் வெப்பமும் பட்டு மெல்ல மெல்லக் கறுக்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் அதிக நாள் நிற்கும். பழம்புளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வீடுகளும் இருக்கின்றன. இதையெல்லாம் தம்பி நன்றாக அறிந்தவர். ஆனால் ‘காரணம்? பழையது!’ என்ற வேகத்தில் எழுதும்போது, பழையது என்றால் மோசம் என்ற பொருள் தானாக ஏறிக்கொண்டது. அவர் அப்படிச் சொல்ல நினைத்திருக்கவில்லை.

‘தரத்துக்கு விலை பேசலாமா?’ என்பது இன்னொரு விதம். விலையைப் பற்றி யோசிக்கும் வாடிக்கையாளரை அது லேசாக வெட்கப்பட வைக்கிறது. விலை கேட்பது சந்தையில் எல்லாரும் செய்வது. ஏன் விலை கூடுதல் என்று கேட்டேன். கொட்டை எடுக்க நாள் கூலி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு காயாகத் தட்டி ஓட்டை நீக்கி, நாரை உருவி, கொட்டையைக் கையால் பிதுக்கி எடுக்கிறார்கள் என்றார். ‘இதை ஏன் தம்பி எழுதலை’ என்றால், ‘இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்கிறார். ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும்தான். பொட்டலத்தில் மட்டுமே புளியைப் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்!

“மேடையில பெரிய பேச்சாளர்களே இப்படித்தானே பேசறாங்க?”

பேசுகிறார்கள், எடுபடவும் செய்கிறது. மேடையில் கேள்வி கேட்டுவிட்டு அவர் நிறுத்துகிறார். கூட்டத்தில் யாரோ குரல் கொடுக்கிறார், சிலர் தலையாட்டுகிறார்கள், அவர் முகங்களைப் பார்த்து அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்கிறார். தாளில் அந்த இடைவெளி இல்லை. தாள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதனால் பேச்சுக்கு எழுதியதைக் கட்டுரையாகக் கொடுக்கும்போது மட்டும் கேள்விகளைக் குறைத்துவிடுங்கள். மேடைக்கே எழுதுவதானால் என் பேச்சை மறந்துவிடலாம்.

“கம்ப்யூட்டர்ல சட்டுனு கண்டுபிடிக்க வழி இருக்கா?”

Ctrl+F அழுத்தி ? என்று தேடுங்கள். வேர்டில் Use wildcards என்ற கட்டத்தில் டிக் இருந்தால் ? என்பது எந்த எழுத்தையும் குறிக்கும் என்று எடுத்துக்கொண்டு பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். டிக்கை எடுத்துவிட்டுத் தேட வேண்டும். அப்புறம் ‘தெரியுமா’, ‘என்று பார்ப்போம்’, ‘பலருக்குத் தெரியாது’ மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். கேள்விக்குறி இல்லாமலேயே கேள்வியின் வேலையைச் செய்பவை இவை. ஒற்றைச் சொல் தொடக்கத்துக்கு எந்தத் தேடலும் வேண்டாம். தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் குட்டை வரிகள் பல் விழுந்த மாதிரி தெரியும்.

“நீங்க சொன்ன மாதிரி எல்லாம் எடுத்தேன். இப்போ அரசாணை மாதிரி செத்துக் கிடக்கு. எதுல தப்பு பண்ணேன்?”

இந்தக் கேள்வி கேட்டவர் பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி. அவர் திருத்தியதை வாங்கிப் பார்த்தேன். கேள்வி இருந்த இடத்திலெல்லாம் ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆதலால்’ என்று போட்டிருந்தார். ஒரு பத்தியில் நான்கு ‘எனவே’. கேள்வியைத் தூக்கிவிட்டு இணைப்புச் சொல்லைத் தனியாக வாக்கியத்தின் தலையில் வைத்தால் அப்படித்தான் ஆகும். வினையெச்சத்திலும் ‘-ஆல்’ உருபிலும் முடிக்கக்கூடியதை முடித்துவிட்டால், பத்தியில் ‘எனவே’ ஒன்றுகூடத் தேவைப்படாது.

இன்னொருவர் கேள்விக்குறியை எல்லாம் வியப்புக்குறியாக மாற்றிக்கொண்டு வந்தார். அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

வேறு சிலர் ‘புளி நம் சமையலின் உயிர் என்பதில் ஐயமில்லை’, ‘என்பதை யாரும் மறுக்க முடியாது’ என்று மாற்றுகிறார்கள். யாரும் மறுக்கவில்லையே. படிப்பவரின் தலையைப் பிடித்து ஆட்ட வைக்கும் ஆசை கேள்வியிலிருந்து வாக்கியத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கட்டுரை செத்துக் கிடப்பதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கேள்விகள் போன பிறகு உள்ளே தகவல் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. தம்பியின் கட்டுரையில் கேள்விகளையும் ஒற்றைச் சொற்களையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது நான்கு செய்திகள்: புளி காற்றுபட்டால் கறுக்கும், உரிகம் புளி நீளமானது, சதை பாதிக்கும் மேல், விலை அதிகம். நான்கு வரியில் முடிந்துவிடும். ‘சதை எவ்வளவு தெரியுமா? பாதிக்கும் மேல்!’ என்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். முரசு அடித்துவிட்டு, எண்ணைச் சொல்லாமல் போய்விட்டார். பொதுவாகப் புளியங்காயின் எடையில் சதை சுமார் 55 சதவீதம், கொட்டை மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் ஓடும் நாரும். 10 கிலோ காய்க்கு ஐந்தரைக் கிலோ சதை என்று போட்டால் படிப்பவர் மனதில் கணக்கு ஓடும். முரசு தேவைப்படாது.

“அப்போ அந்தக் காலி இடத்துல எதைப் போடறது?”

உங்களிடம் உண்மையாகவே கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதிலை. தம்பியிடம் போனில் கேட்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். யோசிக்காமல் மூன்று சொன்னார். ‘எத்தனை மாசத்துப் புளி?’ ‘உப்புப் போட்டதா, போடாததா?’ ‘கொட்டை சுத்தமா எடுத்ததா?’ இந்த மூன்றும் அவர் கட்டுரையில் இல்லை. பத்துக் கேள்வி கேட்ட கட்டுரையில், வாங்குகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

உப்பு விஷயம் எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புளியை நாள்பட வைப்பதற்காகக் கல் உப்புச் சேர்த்து அடைத்து வைப்பது வழக்கம். அது தெரியாமல் ரசத்துக்கு எப்போதும் போடும் உப்பைப் போட்டால் கரித்துவிடும். வாங்குகிறவருக்குத் தேவையான தகவல் என்றால் இதுதான். ‘சமையலறையின் உயிர்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிஜமான கேள்வி ஒன்றைக் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். ‘உப்புப் போட்டதா என்று பலர் கேட்கிறார்கள்’ என்று எழுதி பதிலைச் சொன்னால் அதில் நடிப்பு இல்லை. கேட்டவர் வேறொருவர், பதில் சொல்பவர் நீங்கள்.

“கடைசியா எப்படி வந்துச்சுன்னு முழுசா காட்டுங்களேன்.”

இரண்டு முறை திருத்திய பிறகு வந்தது இது. வாக்கியங்கள் அவருடையவை. நான் சேர்த்ததைவிட அடித்ததே அதிகம்.

> பிப்ரவரி, மார்ச்சில் உலுக்கும் புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும். நாள் ஆக ஆகக் காற்றும் வெப்பமும் பட்டுக் கறுக்கும். கறுத்த புளி கெட்ட புளி இல்லை. பழம்புளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் எங்களிடம் உண்டு. பொட்டலத்தின் மேல் எந்த மாதம் தட்டியது என்று எழுதியிருப்போம்.
>
> எங்கள் புளி அஞ்செட்டி பக்கம் உரிகம் வகை மரங்களில் எடுப்பது. காய் நீளமாக இருக்கும். 10 கிலோ காயைத் தட்டினால் சுமார் ஐந்தரைக் கிலோ சதை தேறும். மீதி கொட்டையும் ஓடும் நாரும்.
>
> தட்டுவதும் கொட்டை எடுப்பதும் கையால்தான். அந்தக் கூலி சேருவதால் கடை விலையைவிட எங்கள் விலை கூடுதல். கையால் எடுத்தாலும் கிலோவுக்கு ஒன்றிரண்டு கொட்டை தப்பி வரலாம், கரைக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.
>
> உப்புப் போட்டதா என்று பலர் கேட்கிறார்கள். நாள்பட இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் கல் உப்புச் சேர்த்து அடைக்கிறோம். அந்தப் புளியில் ரசம் வைக்கும்போது உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

கேள்விக்குறி ஒன்றும் இல்லை. நீளம் சுமார் இரு மடங்காகியிருக்கிறது, அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ‘ஒன்றிரண்டு கொட்டை தப்பி வரலாம்’ என்ற வரியை வைக்கத் தம்பி முதலில் ஒப்பவில்லை, வியாபாரம் கெட்டுவிடும் என்றார். அவர் அம்மா பக்கத்தில் இருந்து, ‘வரத்தானேடா செய்யுது, எழுது’ என்றார். எழுதினார்.

“‘இன்னும் ஏன் தாமதம்?’ போச்சு. ஆனா கடைசி வரின்னு ஒண்ணு வேணுமே?”

தம்பியும் இதற்கு மட்டும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. முடிக்க ஒரு வரி இல்லாமல் எப்படி என்று பிடிவாதம். வாங்க நினைப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். போன் பண்ணணும் என்றார். எப்போது பண்ணலாம் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலையே கடைசி வரியாகப் போட்டுக்கொண்டோம்: ‘மாலை 6 மணிக்கு மேல் அழையுங்கள். பகலில் காட்டில் இருப்போம், அங்கே சிக்னல் கிடைக்காது.’